துள்ளுகிற மெட்டில் அழுகிற சொல்: ஒரு நடவுப் பாட்டைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

ஒரு பாட்டு காதில் விழுகிறது, கால் தானாகத் தாளம் போடுகிறது, இரண்டு மூன்று தடவை நாமும் கூடவே முணுமுணுத்த பிறகுதான் சொல் மண்டையில் ஏறுகிறது: அட, இது ஊர் திரும்பாமல் போன ஒருத்தனைப் பற்றிய பாட்டாச்சே! இந்த மாதிரிப் பாட்டைப் பற்றி எழுத உட்காரும் பலபேர் முதல் வரியிலேயே "மெட்டு சந்தோஷம், வார்த்தை சோகம், எனவே முரண்" என்று எழுதி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கண்ணில் பட்டதைச் சொன்னதோடு சரி, ஆராய்ச்சி இன்னும் தொடங்கவே இல்லை. அந்த முரண் பாட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, யாருக்குக் கேட்கிறது, மெட்டை எடுத்துவிட்டால் என்ன காணாமல் போகிறது, இந்த மூன்றையும் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பத்துப் பாட்டைத் தொட்டுத் தொட்டு ஓடாமல் ஒரே பாட்டை முழுதாகப் பிரிப்போம். அதே வேலையை அப்புறம் நீங்கள் உங்கள் வீட்டுப் பாட்டில் செய்து பார்க்கலாம்.

பாட்டு என் அப்பத்தா பாடியது. வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இருபோக ஊர் அவருடையது. நடவுக்குப் போகும்போது பாடியது என்றும், தனக்கு அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்தது என்றும் சொன்னார். திண்ணையில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டே பாடியதை ஃபோனில் பதிந்து வைத்திருக்கிறேன். மூன்றே கண்ணிதான்.

சீல வாங்கச் சீமை போனான் எங்கண்ணே (தன்னானே)
சித்திரைக்கு வாரேன்னானே எங்கண்ணே (தன்னானே)

கண்டி மழ ஓயலயாம் எங்கண்ணே (தன்னானே)
கங்காணிக்குப் பாக்கியுண்டாம் எங்கண்ணே (தன்னானே)

பொட்டி வந்து சேந்துருச்சு எங்கண்ணே (தன்னானே)
பூட்டுத் தெறக்க ஆளுமில்ல எங்கண்ணே (தன்னானே)

அடைப்புக்குள் இருக்கும் "தன்னானே" மற்ற பெண்கள் எல்லோரும் சேர்ந்து சொல்வது. மீதி, முன்பாட்டுக்காரி ஒருத்தி மட்டும் பாடுவது.

முதலில் மெட்டை மறந்துவிட்டுச் சொல்லைப் படியுங்கள்

பாட்டைக் கேட்டுக்கொண்டே சொல்லை ஆராயக் கூடாது. மெட்டு நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு தாளில் சொல்லை மட்டும் எழுதி, செய்தித்தாள் வாசிப்பது போல வாய்விட்டுப் படியுங்கள். எழுதும்போது பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள், இது ரொம்ப முக்கியம். "ஓயலயாம்" என்பதை "ஓயவில்லையாம்" என்று எழுதினால்கூடப் பரவாயில்லை, கடைசி "ஆம்" போய்விட்டால் பாட்டில் பாதி போய்விடும். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டாவது கண்ணியில் இரண்டு வரியும் "ஆம்" என்று முடிகின்றன. மழை ஓயலயாம், பாக்கி உண்டாம். அப்படியென்றால் இது அந்தத் தங்கச்சி கண்ணால் பார்த்தது கிடையாது. யாரோ வந்து சொன்னது, அல்லது வீட்டுப் பெரியவர்கள் அவளுக்குச் சொல்லி வைத்தது. இலங்கை மலைத்தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் பிடித்துக்கொண்டு போன காலத்துப் பேச்சு இது. போக வரச் செலவுக்கும் அரிசிக்கும் முன்பணம் வாங்கியவன் கணக்குத் தீராமல் தோட்டத்தைவிட்டுக் கிளம்ப முடியாது, ஆகவே "பாக்கியுண்டாம்" என்பது ஊரில் எல்லோரும் நம்பக்கூடிய காரணம். மூன்றாவது கண்ணிக்கு வாருங்கள். "பொட்டி வந்து சேந்துருச்சு." இங்கே "ஆம்" இல்லை. பெட்டி கண்ணெதிரே இருக்கிறது. வதந்தி நின்று நிஜம் வந்துவிட்டதை ஒரே ஒரு விகுதி காணாமல் போவதை வைத்துச் சொல்லிவிடுகிறது பாட்டு.

அடுத்து, சொல்லாமல் விட்டது எது என்று பாருங்கள். அண்ணன் செத்துப்போனான் என்று எந்த வரியிலும் இல்லை. பெட்டி வந்தது, திறக்க ஆளில்லை, அவ்வளவுதான். சாவி யாரிடம் இருக்க வேண்டுமோ அவன் வரவில்லை. தாளின் ஓரத்தில் "சாவு என்ற சொல் இல்லை" என்று குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் "எங்கண்ணே". ஆறு வரியிலும் வருகிறது, வெறும் அசைச்சொல் மாதிரித் தோன்றும். ஆனால் முதல் வரியில் அது எழுவாய்: எங்கண்ணன் சீமை போனான். நம் பக்கத்துப் பேச்சில் "எங்கண்ணன்" என்பதில் கடைசி "ன்" மூக்கோடு கரைந்து "எங்கண்ணே" என்றே கேட்கும். கடைசி வரியில் அதே சொல்லை எழுவாயாக வைத்துப் படித்தால் வாக்கியம் நிற்காது. "பூட்டுத் திறக்க ஆளுமில்லை, எங்கண்ணே!" என்று விளியாகத்தான் படிக்க முடியும். செத்தவரை நேருக்கு நேர் கூப்பிட்டுப் பேசுவது ஒப்பாரியின் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் கண்ணியில் அண்ணனைப் பற்றி மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தவள் கடைசிக் கண்ணியில் அண்ணனிடமே பேசுகிறாள். சொல் மாறவில்லை, அதன் வேலை மாறிவிட்டது.

ஊர் சார்ந்த செய்தி ஒன்றும் இதில் உண்டு. "சித்திரைக்கு வாரேன்னானே" என்பது மதுரைக்காரர் காதில் வெறும் மாதப் பெயராக விழாது. தங்கச்சி மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு மலையிலிருந்து இறங்கி வரும் அழகர், வைகைக்கு வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டதென்று கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்புகிறார் என்பது நம் ஊர் மக்கள் சொல்லும் கதை. சேலையோடு சித்திரைக்கு வரவேண்டிய அண்ணன் என்றவுடனே அந்தக் கதை பின்னால் வந்து நின்றுகொள்கிறது. அழகராவது நேரம் தப்பி வந்தார். இப்படி ஊர்க்காரர் காதுக்கு மட்டும் கேட்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஆனால் தனியாக, "கேட்பவர் கொண்டுவருவது" என்று தலைப்புப் போட்டு. பாட்டில் எழுதியிருப்பதோடு கலந்துவிடாதீர்கள்.

இப்போது சொல்லை விட்டுவிட்டு மெட்டு

எல்லா வரியையும் "தன்னானே தானே" என்று வைத்துப் பாடுங்கள். பாட வராதென்றால் ஹம் செய்தால் போதும். மெட்டு "சந்தோஷமாக இருக்கிறது" என்று சும்மா எழுதக் கூடாது. எது அப்படித் தோன்ற வைக்கிறது என்று சொல்ல வேண்டும். மூன்று விஷயத்தைப் பார்த்தால் போதும்.

முதலில் வேகம். ரெக்கார்டிங்கை ஓடவிட்டு 15 விநாடியில் எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி 4 ஆல் பெருக்குங்கள். அப்பத்தா பாடியதில் 28 தட்டு, அதாவது நிமிடத்துக்கு 112. சாவகாசமாக நடக்கும் நடையைவிட இது விறுவிறுப்பு. எண்ணும்போது ஒன்றில் கவனம் வேண்டும்: தொடையில் விழும் பெரிய தட்டை மட்டும் எண்ணுங்கள், இடையில் விழும் சின்ன அசைவை எண்ணினால் கணக்கு மும்மடங்காகிவிடும்.

அடுத்தது நடை. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் "தகிட" என்று மூன்றாகப் பிரிகிறதா, "தகதிமி" என்று நான்காகப் பிரிகிறதா என்று சொல்லிப் பாருங்கள். இந்தப் பாட்டு தகிட. தெம்மாங்கிலும் கும்மியிலும் நமக்குப் பழகிப்போன துள்ளல் நடை அதுதான். முதல் எழுத்து இரண்டு மாத்திரை நீள, அடுத்த எழுத்து ஒரு மாத்திரையில் தாவுகிறது: சீ-ல, வாங்-க, சீ-மை. நொண்டியாட்டம் ஆடும் பிள்ளை போல நீளம், குட்டை, நீளம், குட்டை. வேகத்தைவிட இந்தத் தாவல்தான் காலை ஆட வைக்கிறது. சந்தேகமிருந்தால் ஃபோனில் வேகத்தை 0.75x என்று குறைத்துக் கேளுங்கள். வேகம் போன பிறகும் துள்ளல் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பாட்டில் மிச்சமிருக்கிறது. உங்கள் பாட்டில் வேகத்தைக் குறைத்தவுடனே சோகம் வந்துவிட்டதென்றால், மகிழ்ச்சி மெட்டிலேயே இல்லை, பாடிய வேகத்தில்தான் இருந்தது என்று பொருள். அது வேறு கதை.

மூன்றாவது, சுரம் நிற்கிறதா தாவுகிறதா. ஒப்பாரியில் குரல் ஒரு சுரத்தில் நின்று இழுக்கும், வழுக்கும், மூச்சு எங்கே தீர்கிறதோ அங்கே வரி முடியும். இங்கே எந்த எழுத்தும் இரண்டு மாத்திரைக்கு மேல் நிற்பதில்லை, "எங்கண்ணே", "தன்னானே" இரண்டின் கடைசி எழுத்தைத் தவிர.

ராகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வருபவர்கள் உடனே "இது என்ன ராகம்" என்று தேடிப் போகிறார்கள், முகாரி என்றால் அழுகை, மோகனம் என்றால் மகிழ்ச்சி என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு. நாட்டுப் பாட்டில் அந்தப் பட்டியல் சீக்கிரம் கைவிட்டுவிடும். நாலைந்து சுரத்துக்குள் சுற்றிவரும் மெட்டுக்கு ராகப் பெயர் வைப்பதே பல சமயம் இழுபறி. வைத்தாலும், அதே சுரங்களைத் தாளமில்லாமல் இழுத்தால் அழ வைக்கலாம், தகிடவில் தட்டினால் ஆட வைக்கலாம். ராகம் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் தீர்ப்பை நடையை வைத்துச் சொல்லுங்கள்.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது

இதுதான் முக்கியமான வேலை. ஒரு வரியை எடுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கோடு போட்டு எழுதுங்கள்.

சீல | வாங்கச் | சீமை | போனான் | எங்கண் | ணே | தன்னா | னே

பொட்டி | வந்து | சேந்து | ருச்சு | எங்கண் | ணே | தன்னா | னே

பூட்டுத் | தெறக்க | ஆளு | மில்ல | எங்கண் | ணே | தன்னா | னே

வரிக்கு எட்டுத் தட்டு. நான்கு முன்பாட்டுக்காரியின் செய்தி, இரண்டு அழைப்பு, இரண்டு கூட்டத்தின் பதில். இப்படிக் கோடு போட்டவுடனே பேச்சாக நினைக்கும்போது தெரியாத ஒன்று தெரிகிறது: சேலை வாங்கப் போன வரிக்கும் பெட்டி வந்த வரிக்கும் அமைப்பில் ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை. "சீமை" விழுந்த அதே மூன்றாம் தட்டில் "ஆளு" விழுகிறது, "போனான்" விழுந்த நான்காம் தட்டில் "மில்ல". போனான், இல்லை. எதற்காகவும் மெட்டு வளைந்து கொடுக்கவில்லை. இங்கே ஒரு சுரம் இறங்கியிருக்கலாம், ஒரு தட்டு நின்றிருக்கலாம், ஒன்றுமே நடக்கவில்லை.

மெட்டு எங்கே வளைய மறுக்கிறதோ அந்த இடம்தான் நாம் தேடுவது. பாட்டு முழுக்க முரண் பரவிக் கிடப்பதாக எழுதுவது சோம்பேறித்தனம். முதல் கண்ணியில் முரணே கிடையாது. சேலை வாங்கப் போன அண்ணனுக்குத் துள்ளல் மெட்டு பொருத்தமானதுதான். இரண்டாவதில் லேசாக நெருடுகிறது. மூன்றாவதில், அதிலும் கடைசி வரியின் ஐந்தாம் தட்டில்தான் அது முழுதாக வந்து இறங்குகிறது: "எங்கண்ணே" என்று செத்தவனைக் கூப்பிடும் ஒப்பாரி அழைப்பு, கும்மித் தாளத்தில்.

அதற்கு அடுத்த இரண்டு தட்டையும் விட்டுவிடாதீர்கள். அவள் கூப்பிட்டதும் பதில் வருகிறது, ஆனால் அண்ணனிடமிருந்து வரவில்லை, பத்துப் பெண்கள் உரக்க "தன்னானே" என்கிறார்கள். பொருளே இல்லாத சொல். இழவு வீட்டில் ஒருத்தி ஒப்பாரி எடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தோளைக் கட்டிக்கொண்டு கூட அழுவார்கள். இங்கே அந்த இடத்தில் தன்னானே.

மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனை

உங்களுக்குத் தோன்றியது சரிதானா என்று பார்க்க இரண்டு சோதனை உண்டு, இரண்டும் வாயால் செய்ய வேண்டியவை.

ஒன்று, அதே சொல்லைத் தாளத்தை அறுத்துவிட்டு, "தன்னானே"யை எடுத்துவிட்டு, இழுத்துப் பாடுவது. அப்பத்தாவையே பாடச் சொன்னேன். முதல் கண்ணி ஒட்டவில்லை, "இது ஒப்பாரிக்கு ஆகாதுடா" என்று அவரே நிறுத்திவிட்டார். மூன்றாவது கண்ணி அப்படியே ஒப்பாரியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆக, இந்தப் பாட்டுக்குள் ஓர் ஒப்பாரிக் கண்ணி ஒளிந்திருக்கிறது, மற்ற இரண்டும் அதற்கு வழிவிட்டு நிற்கின்றன.

இன்னொன்று, அதே மெட்டில் சாதாரணச் சொல்லைப் போடுவது. "நாத்து முடி கொண்டு வாடி எந்தங்கச்சி, தன்னானே" என்று பாடிப் பாருங்கள். எந்த நெருடலும் இல்லாமல் ஓடினால் மெட்டு தன்னளவில் மகிழ்ச்சியானது என்பது உறுதி. சில பாட்டில் இந்தச் சோதனை தோற்கும். சாதாரணச் சொல்லைப் போட்டாலும் ஏதோ ஏக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் மெட்டிலேயே சோகம் இருக்கிறது, நீங்கள் வேகத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறீர்கள்.

இரண்டு சோதனையும் தேறினால்தான் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

யாருக்கு எது கேட்கிறது

முரண் என்பது இரண்டு பொருந்தாப் பொருள் பக்கத்தில் நிற்பது. நாம் பேசிக்கொண்டிருப்பது அதைவிட ஒரு படி கூட. பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி படித்திருப்போம்: சொல் புகழ்கிறது, உட்பொருள் இகழ்கிறது, கேட்பவருக்குப் புரிந்தால் சிரிப்பு, புரியாதவர் புகழ்ச்சி என்றே நினைத்துப் போய்விடுவார். அங்கே மேலே ஒரு பொருள், கீழே ஒரு பொருள், இரண்டும் சொல்லுக்குள்ளேயே. இந்த மாதிரிப் பாட்டில் மேல் பொருளை மெட்டு சுமக்கிறது, கீழ்ப் பொருளைச் சொல் சுமக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: மெட்டு மட்டும் யார் காதுக்குப் போகிறது, சொல்லும் சேர்ந்து யார் காதுக்குப் போகிறது?

நடவு வயலை நினைத்துப் பாருங்கள். இடது கையில் நாற்று முடி, வலது கையால் பிரித்து ஊன்றிக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்கிறார்கள். வரிசை முழுக்க ஒரே சமயத்தில் நகர வேண்டும், அதற்குத்தான் பாட்டு. வரப்பில் நிற்கும் வயல்காரருக்குக் கேட்பது மெட்டும் தன்னானேயும். வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது, பெண்கள் சந்தோஷமாகப் பாடுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் குனிந்திருக்கும் பெண்ணுக்குச் சொல் முழுதும் கேட்கும். அவள் வீட்டிலும் ஒருத்தன் கண்டிக்குப் போயிருக்கலாம். ஒரே பாட்டு, இரண்டு கூட்டம், இரண்டு பொருள்.

முதன்முதலில் இதைப் பற்றி எழுதியபோது, மெட்டு அந்தத் தங்கச்சியின் துயரத்தைக் கேலி செய்கிறது என்று நான் எழுதிவிட்டேன். அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. "கேலியா? அழுதுகிட்டு நட்டா வரிசை கோணிப் போகும்டா. பாடிகிட்டு அழுதா யாருக்கும் தெரியாது" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் முழு விடையும் இருக்கிறது. மெட்டு கேலி செய்யவில்லை, மறைத்துக் கொடுக்கிறது. குனிந்த முகம், சேற்றுத் தண்ணீர், துள்ளல் தாளம். அழுவதற்கு அவளுக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான், அங்கேயும் வேலையின் தாளத்தில்தான் அழ முடிகிறது. இழவு வீடாக இருந்தால் ஒப்பாரி வைக்கலாம். ஆனால் "சாவு என்ற சொல் இல்லை" என்று குறித்து வைத்தோமே, அதை இங்கே எடுத்துப் பாருங்கள். உடலும் வரவில்லை, சேதியும் வரவில்லை, பெட்டி மட்டும் வந்திருக்கிறது. எந்த வீட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பது? வைக்க முடியாமல் போன ஒப்பாரி நடவுக்குள் வந்துவிட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

எங்கெல்லாம் தவறிப்போகும்

மேளம் கேட்டதும் முரண் என்று முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு. நம் பக்கம் பேரன் பேத்தி எடுத்து, வயது நிறைந்து போனவருக்குக் கல்யாணச் சாவு என்று கொட்டும் ஆட்டமுமாக எடுத்துப் போவார்கள். அங்கே தப்பு முழங்குவதும் இளவட்டங்கள் ஆடுவதும் யாரையும் மறைக்கவோ குத்திக்காட்டவோ செய்யவில்லை. நிறைந்த வாழ்வு என்று ஊர் உண்மையாகவே நினைக்கிறது, அதை மேளம் சொல்கிறது. மேல் பொருளும் கீழ்ப் பொருளும் ஒன்றாக இருக்கும் இடத்தில் இந்த ஆராய்ச்சிக்கு வேலை இல்லை. அதே மேளம் இருபது வயதுப் பையனின் சாவில் அடித்தால் கேள்வி வேறு.

சினிமாப் பாட்டை எடுத்தால் இன்னொரு சிக்கல். அங்கே பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், சொல்லை அதற்குள் அடக்கி எழுதுவார்கள். ஆகவே கவிஞர் வேண்டுமென்றே முரணை வைத்தாரா, கொடுத்த மெட்டுக்குக் கதைச் சூழலை எழுதினாரா என்பது பாட்டை மட்டும் கேட்டுத் தெரியாது. காட்சியில் யார் பாடுகிறார், யார் கேட்கிறார் என்பதைப் பார்த்து மேலே சொன்ன இரண்டு கூட்டம் கேள்வியைக் கேளுங்கள். பாத்திரம் யாரிடமோ எதையோ மறைக்கப் பாடுகிறது என்றால் முரண் பாட்டின் வேலையாகவே இருக்கிறது, யார் முதலில் எதை எழுதினால் என்ன. "கவிஞர் நினைத்தார்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

தாலாட்டையும் இதில் சேர்க்கப் பார்ப்பார்கள். தாலாட்டில் அம்மாவின் மனக்குறையெல்லாம் கொட்டும், மெட்டு இதமாக இருக்கும், உண்மைதான். ஆனால் இதம் வேறு, குதூகலம் வேறு. பிள்ளையைத் தூங்க வைக்கும் மெட்டு சோகத்தோடு சுலபமாக ஒத்துப்போகும். அதிலும் இரண்டு கூட்டம் உண்டு, பிள்ளைக்கு மெட்டு, திண்ணையில் இருக்கும் மாமியாருக்குச் சொல். கேட்பவர் பிரிவது ஒன்றாக இருந்தாலும் மெட்டு செய்யும் வேலை வேறு, ஆகவே தனியாக எழுதுங்கள்.

எழுதும்போது

இவ்வளவும் செய்தபிறகு உங்கள் முடிவை இரண்டு மூன்று வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும், இடத்தைக் காட்டி. நான் எழுதியது இது: "மூன்று கண்ணிக்கும் ஒரே தகிட நடையும் ஒரே எட்டுத் தட்டும் மாறாமல் வருகின்றன. சொல்லில் கேள்விப்பட்டது நேரில் கண்டதாகி, அண்ணனைப் பற்றிய பேச்சு அண்ணனை அழைக்கும் ஒப்பாரியாக மாறும் கடைசி வரியிலும் மெட்டு அசையாமல் நிற்பதால், வரப்பில் நிற்பவருக்கு வேலைப் பாட்டாகவும் வரிசையில் நிற்பவருக்கு அழுகையாகவும் ஒரே சமயத்தில் கேட்கிறது." இதில் எந்தச் சொல்லைக் கேட்டாலும் பாட்டில் விரல் வைத்துக் காட்ட முடியும். "மனதை உருக்கும் முரண்" மாதிரிச் சொற்றொடர்களில் விரல் வைக்க இடமிருக்காது.

எழுதியதைச் சரிபார்க்க ஒரு கேள்வி: மெட்டைத் தூக்கிவிட்டு வெறும் கவிதையாக அச்சடித்தால் என்ன போகிறது? இந்தப் பாட்டில், வயல்காரர் போய்விடுகிறார், தன்னானே சொல்லும் பத்துப் பெண்கள் போய்விடுகிறார்கள், சோகம் மட்டும் மிஞ்சுகிறது. ஒன்றும் போகவில்லை என்றால் உங்கள் பாட்டில் மெட்டு வெறும் வண்டிதான், அதை ஒப்புக்கொண்டு எழுதிவிடலாம்.

கடைசியாக, பாட்டு முழுதும் உங்கள் கையில் இருக்கிறதா என்று நாலு பேரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போன வருஷம் சோழவந்தான் பக்கம் ஒரு பொங்கல் விழாவில் இதே மெட்டை நையாண்டி மேளத்தில் வாசித்தார்கள், பிள்ளைகள் கூடவே பாடினார்கள்: சீல வாங்கச் சீமை போனான், சித்திரைக்கு வாரேன்னானே, கண்டி மழ ஓயலயாம், பாக்கியுண்டாம், அப்புறம் மறுபடியும் சீல வாங்கச் சீமை போனான். சுற்றிச் சுற்றி அவன் போய்க்கொண்டே இருந்தான். மூன்றாவது கண்ணி எங்கே என்று பாடிய பிள்ளைகளிடமும் அவர்களுடைய அம்மாக்களிடமும் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.